கழுவினால் போகாத தட்டு

கடந்த கார்த்திகையில் பருவத் தேர்வு முடிந்து, ஒரு மாத விடுமுறைக்கு எங்கள் மகள் சென்னையிலிருந்து வந்தாள். பையை இறக்கி வைத்த கையோடு சொல்லிவிட்டாள்: "அம்மா, நான் கறி, மீன், முட்டை எல்லாம் விட்டுட்டேன். ரெண்டு மாசமாச்சு. பால், தயிர் மட்டும் சாப்பிடுவேன்."

வேலூர் மாவட்டத்தில் ஒரு காலனி எங்களுடையது. வீட்டில் ஐந்து பேர். நான், என் கணவர், மாமியார், மகன், மகள். நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு கிலோ மாட்டுக்கறி, நடுவில் ஒருநாள் கருவாட்டுக் குழம்பு. கையில் காசு இருந்தால் மீன். இதுதான் எங்கள் அடுப்பு.

"சைவமா மாறிட்டியா? அப்ப நெத்தியில பட்டை போட்டுக்குவியா?" என்று என் மாமியார் கேட்டார். அவர் வேடிக்கையாகக் கேட்கவில்லை. அவருக்குச் சைவம் என்பது ஒரு மதத்தின் பெயர். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. ஒரு மதத்தின் பெயரைக் காய்கறிச் சோற்றுக்கு வைத்துவிட்டு, மற்றவர் எல்லோரையும் 'அது இல்லாதவர்கள்' என்று பொருள்படும்படி 'அசைவம்' என்று அழைக்கிறோம். தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கறியோ மீனோ முட்டையோ உண்கிறவர்கள். பெரும்பான்மையின் சோற்றுக்குச் சொந்தமாக ஒரு பெயர்கூட இல்லை. அதனால் இந்தக் கட்டுரையில் என் மகளைக் கறி சாப்பிடாதவள் என்றே சொல்கிறேன். அவள் அவ்வளவுதான், வேறு ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஏன் விட்டாய் என்று கேட்டேன். விடுதிக்குப் பக்கத்துக் கறிக்கடைக்குக் கோழிகளை வண்டியில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவருவதைத் தினமும் பார்த்தாளாம். ஒருநாள் ஒரு கோழி அவளையே பார்ப்பது போலிருந்ததாம். "அதுக்கப்புறம் முடியலம்மா" என்றாள். நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

மூன்றாம் நாள்தான் தட்டைக் கவனித்தேன். விடுதியிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தட்டையும் டம்ளரையும் கிரைண்டருக்கு மேலுள்ள பலகையில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். சாப்பிட்டதும் அவளே கழுவி, அங்கேயே கொண்டுபோய் வைத்தாள். எங்கள் தட்டுகள் இருக்கும் கூடையில் போடவே இல்லை.

என் அப்பா டீக்கடையில் தனி கிளாசில் குடித்தவர். குடித்து முடித்ததும் அந்தக் கிளாசை அவரே கழுவி, கடைக்கு வெளியே கீற்றில் செருகி வைக்க வேண்டும். அவர் கழுவியது போதவில்லை என்று அதைத் தனியாக வைக்கவில்லை. எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கிளாஸ் உள்ளே போகாது. அப்படிப்பட்டவரின் பேத்தி தன் தாயின் கூடையிலிருந்து ஒரு தட்டைப் பிரித்து வைத்திருக்கிறாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு ரசமும் அப்பளமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். கறிக் குழம்பு கொதிக்கும்போது, பக்கத்து அடுப்பில் எனக்குச் சுலபமாக முடிந்தது அவ்வளவுதான். அவள் முகம் வெளுத்திருப்பதாக எனக்குப் பட்டது. பிள்ளை உடம்பு கெட்டுவிடும் என்று பயந்து, அவளுடைய பருப்பில் அரைக் கரண்டி எலும்புச் சாறு ஊற்றிவிட்டேன். முதல் வாயிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கத்தவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "இனிமே நீ போடுற சோத்த நான் எப்படிம்மா நம்புறது?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் சட்டிக்குள் என்ன வேகிறது என்று எட்டிப் பார்க்கிறவர்கள்மீது நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! வாடகை வீடு பார்க்கப் போனால் முதலில் கேட்பது அதைத்தானே? ஒருவருடைய தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று அடுத்தவர் தீர்மானிக்கக் கூடாது என்று மேடையில் பேசியிருக்கிறேன். என் பிள்ளையின் தட்டில் அவளுக்குத் தெரியாமல் நான் கைவைத்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகுதான் தட்டைப் பற்றிக் கேட்கும் துணிச்சல் எனக்கு வந்தது.

"எங்க ஹாஸ்டல்ல ரெண்டு தட்டுமா. கறி சாப்பிடுறவங்களுக்குப் பள்ளத் தட்டு, மத்தவங்களுக்கு இது. மாத்தி எடுத்தா சண்டை வரும். பழகிப்போச்சு" என்றாள்.

"நம்ம தட்ட சோப்புப் போட்டுக் கழுவுனா கறி போகுமா, போகாதா?"

"போகும்."

"அப்புறம் எதுக்குத் தனியா?"

அவள் வெகுநேரம் பேசவில்லை. எழுந்துபோய்த் தட்டை எடுத்துக் கூடையில் போட்டாள். எவ்வளவு சுலபமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதன் பிறகும் நான்கைந்து நாள், கூடையிலிருந்து எடுத்த தட்டைச் சாப்பிடும் முன் ஒருமுறை மோந்து பார்த்தாள். அறையில் உடன் தங்கியிருக்கும் பெண், நான் கட்டிக்கொடுத்த கருவாட்டுத் தொக்கு டப்பாவைத் திறந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போன கதையும் அப்போதுதான் வெளியே வந்தது. கோழியின்மீது வந்த இரக்கமும் கருவாட்டின்மீது வந்த கூச்சமும் அவளுக்குள் ஒரே காலத்தில் நுழைந்திருக்கின்றன. இரண்டும் ஒன்றல்ல என்று பிரித்துப் பார்க்க அவளுக்கும் நேரம் வேண்டியிருந்தது, எனக்கும் வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் இப்போது அளவுகோல் இதுதான்: கழுவினால் போகிறதா? போனால் அது அழுக்கு, அல்லது வாடை. அதற்கு சோப்பும் தண்ணீரும் போதும். கழுவிய பிறகும் போகவில்லை என்றால் அது தட்டில் இல்லை, பார்க்கிறவர் தலையில் இருக்கிறது. அதற்குத் தீட்டு என்று பெயர்.

2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடம் ஒன்றில் கறி உண்பவருக்கும் உண்ணாதவருக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கை கழுவும் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டினார்களே, நினைவிருக்கிறதா? மாணவர்கள் எதிர்த்த பிறகு அதைக் கிழித்தார்கள். வாசலைக்கூட ஒருபுறம் விடுங்கள். கை கழுவும் தொட்டி எதற்காக இருக்கிறது? கழுவத்தான். கழுவுகிற இடத்தையே பிரித்தவர்களுக்குக் கழுவுவதில் நம்பிக்கை இல்லை என்றுதானே பொருள்?

அதே ஆண்டு ஜூலையில், திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் நடந்ததையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் பள்ளியை மறித்தார்கள். அங்கே அந்த அம்மா மாட்டுக்கறி வறுக்கவில்லை. பிள்ளைகளுக்கான மதிய உணவைத்தான் சமைத்தார். சட்டியில் என்ன இருந்தது என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கரண்டியைப் பிடித்த கை எது என்பதுதான் கேள்வி. கறியை விட்டுவிட்டால் நம்மைச் சமமாக நடத்துவார்கள் என்று நம்பும் உறவினர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர் விடுமுறையில் வந்து, "பாப்பா எவ்ளோ டீசன்ட்டா ஆயிட்டா பாரு, நீங்களும் கத்துக்கோங்க" என்றார். என் மகள் சட்டென்று, "மாமா, நான் கறிதான் விட்டேன். அம்மா சோறு அசிங்கம்னு சொல்லல" என்றாள். என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

சில தோழர்கள் மறுபக்கத்திலிருந்து வந்தார்கள். மாட்டுக்கறி நம் அரசியல், அதை நம் வீட்டுப் பிள்ளை விடுவது சரணாகதி என்று ஒருவர் நேரடியாகவே சொன்னார். அவருக்கும் என் பதில் உண்டு. 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விடுங்கள் என்று அம்பேத்கர் நம் மக்களை அழைத்தார். அதே அம்பேத்கர்தான் 1948இல் வெளிவந்த தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலில், மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள வரலாற்றுத் தொடர்பைப் பிரித்துக் காட்டினார். முதலாவது, ஊர் நம் தலையில் கட்டிய செத்த மாட்டைத் தூக்க மறுக்கும் போராட்டம். இரண்டாவது, மாட்டுக்கறியைச் சொல்லி நம்மை இழிவுபடுத்தியவர்களின் வரலாற்றைத் தோண்டிய வேலை. விடுவதும் விடாதிருப்பதும் யார் முடிவு, யார் கட்டாயம் என்பதுதான் இரண்டிலும் கேள்வி. வற்புறுத்தி ஊட்டுவதை அரசியல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதுவும் அந்த எலும்புச் சாற்றுக்குப் பிறகு.

சரி, தட்டுப் பிரச்சினை தீர்ந்தது. அடுப்புப் பிரச்சினை தீரவில்லை. ஒரு வீட்டில் இரண்டு விதமாகச் சாப்பிட்டால், இரண்டு முறை சமைக்க வேண்டுமா? ஒரு மாதம் தடுமாறி நான் கற்றுக்கொண்டது, இரண்டு சமையல் வேண்டாம், ஒரு சமையலை எந்த இடத்தில் பிரிப்பது என்று தெரிந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைக் குழம்பையே எடுத்துக்கொள்வோம். முதல்நாள் இரவே காய்ந்த மொச்சை ஒரு பெரிய கைப்பிடி, ஏறக்குறைய 100 கிராம், ஊறப் போடுகிறேன். காலையில் அதைத் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் சேர்த்துத் தனியாக வேகவைத்து எடுத்துக்கொள்கிறேன். பிறகு பெரிய வாணலியில் கடலை எண்ணெய் ஊற்றி, கால் கிலோ சின்ன வெங்காயம், இரண்டு கரண்டி இஞ்சி பூண்டு விழுது, மூன்று தக்காளி, மஞ்சள், மிளகாய்த்தூள், மல்லித்தூள் எல்லாம் சேர்த்து, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை வதக்குகிறேன். இதுவரை எல்லோருக்கும் ஒன்றுதான். இந்த இடத்தில் இரண்டு குழிக்கரண்டி மசாலாவை எடுத்துச் சின்னச் சட்டியில் போட்டுவிட்டு, மீதியைக் குக்கரில் ஒரு கிலோ கறியோடு சேர்த்து ஏழெட்டு விசில் விடுகிறேன். கறி வேகும் நேரத்தில் சின்னச் சட்டியில் நான்கு கத்தரிக்காயை நறுக்கிப் போட்டு, வெந்த மொச்சையை அதன் தண்ணீரோடு சேர்த்து, கடைசியில் இரண்டு கரண்டி தேங்காய் விழுது விட்டு இறக்குகிறேன். குக்கரின் ஆவி அடங்குவதற்குள் அவள் குழம்பு தயார்.

கேட்பதற்குச் சுலபம். முதல் மூன்று ஞாயிறும் எனக்குச் சொதப்பியது. முதல் வாரம் மசாலா வதங்கும்போதே ஒரு கிலோ கறிக்கான உப்பைப் போட்டுவிட்டேன். இரண்டு கரண்டி மசாலாவில் மொச்சைக் குழம்பு வாயில் வைக்க முடியாமல் கரித்தது. இப்போது பிரித்த பிறகுதான் உப்பு. இரண்டாம் வாரம் ஊறிய மொச்சையை வேகவைக்காமல் நேராக மசாலாவிலேயே போட்டேன். ஒரு மணி நேரம் கொதித்தும் கல்லாக இருந்தது. தக்காளி, புளி எதுவானாலும் புளிப்பில் பயறு மெதுவாகத்தான் வேகும். அதனால் முதலில் வேகவைத்து, அப்புறம் புளிப்பில் சேர்க்க வேண்டும். மூன்றாம் வாரம் எல்லாம் சரியாக வந்தும், "காரமா, பச்சையா இருக்கும்மா" என்றாள். ஒரே மசாலாதானே என்று எனக்குக் கோபம். பிறகுதான் புரிந்தது. எங்கள் குழம்பில் கறியின் கொழுப்பு உருகி மிளகாயின் முனையை மழுக்குகிறது. அரை மணி நேரம் வேகும்போது மல்லித்தூளின் பச்சை வாடையும் போய்விடுகிறது. அவள் சட்டிக்கு அந்த இரண்டும் கிடைப்பதில்லை. அதனால் பிரித்த மசாலாவை இன்னும் ஐந்து நிமிடம் தனியாக வதக்குவது, தேங்காயைக் குறைக்காமல் விடுவது என்று ஆனது.

எல்லாக் குழம்பும் இப்படிப் பிரிவதில்லை. கருவாட்டுக் குழம்புதான் இருப்பதிலேயே சுலபம். கருவாடு கடைசிப் பத்து நிமிடத்தில்தான் போகிறது. கத்தரிக்காய், வாழைக்காய் எல்லாம் புளிக் குழம்பில் வெந்த பிறகு அவளுக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியில் கருவாட்டைப் போட்டால் முடிந்தது. பிரியாணி பிரியவே பிரியாது. அதில் கறியின் சாறு அரிசிக்குள் போவதுதான் பிரியாணி. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் கறி சாப்பிடாதவருக்குக் குஸ்கா போடுகிறேன் என்று அதே அண்டாவிலிருந்து கறியை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் அள்ளிப் போடுவார்கள். அது கறிச்சாற்றில் வெந்த சோறுதான். அவளுக்குச் சின்னப் பாத்திரத்தில் காய்கறி பிரியாணி தனியாகத்தான் செய்தாக வேண்டும். அப்படி முடியாத நாளில் பிரியாணி வேண்டாம், கறி வறுவலும் எல்லோருக்கும் பொதுவாகச் சாம்பாரும் வைக்கலாம் என்று முடிவு செய்தோம்.

எண்ணெயிலும் வரிசை இருக்கிறது. அப்பளமும் வாழைக்காயும் முதலில், மீன் கடைசியில். மீன் பொரித்த எண்ணெயில் திரும்ப அவளுக்கு எதுவும் பொரிப்பதில்லை. கரண்டிகள் இரண்டு. நீளக் கைப்பிடி கறிச் சட்டிக்கு, கட்டைக் கைப்பிடி அவள் சட்டிக்கு. சமைக்கும்போது மாற்றிப் போடக் கூடாது. கழுவிய பிறகு எந்தக் கரண்டி எந்தச் சட்டிக்குப் போனாலும் சரி.

இது தீட்டு இல்லையா, கரண்டியைப் பிரிக்கிறாயே என்று என் மகன் கேட்டான். நல்ல கேள்வி. கறிக் குழம்பில் கலக்கிய கரண்டியை அப்படியே அவள் சட்டியில் விட்டால், அவள் வேண்டாம் என்ற ஒன்று அவள் சோற்றுக்குள் போகிறது. அது உண்மையிலேயே போகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, நாக்குக்குத் தெரிகிறது. கழுவிய கரண்டியிலிருந்து எதுவும் போவதில்லை. நான் பிரிப்பது முதலாவதை மட்டும். மண்சட்டி ஒன்றுதான் இந்தக் கணக்குக்குள் வராதது. மண் வாடையைக் குடித்துக்கொள்ளும், எவ்வளவு தேய்த்தாலும் மீன்சட்டியில் ரசம் வைத்தால் ரசம் மீனாகத்தான் இருக்கும். அதனால்தான் நம் வீடுகளில் காலங்காலமாக மீன்சட்டி தனியாக இருக்கிறது. அதை யாரும் தனி வாசல் வழியாகக் கொண்டுவந்ததில்லை.

இன்னொன்று, என்னை உண்மையில் பயமுறுத்தியது உடம்பு. ரசமும் அப்பளமும் ஒரு சாப்பாடே அல்ல என்பது எனக்குத் தொழில் முறையிலும் தெரிந்திருக்க வேண்டும். கறியை விட்டு வாழலாம் என்று பெருமை பேசும் வீடுகளில் பருப்பு, நெய், தயிர், பால் என்று ஒரு வரிசையே நடக்கும். அந்த வரிசையை வாங்கக் காசு வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு மாட்டுக்கறிதான் குறைந்த காசில் கிடைத்த சத்து. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காமல் விட்டால் மிஞ்சுவது வெறும் சோறுதான். ஆகவே அவள் தட்டில் ஒவ்வொரு நாளும் இரண்டு வேளை பயறு, கடலை, பருப்பு, மொச்சை என்று ஏதாவது ஒன்று கட்டாயம். ஒரு தம்ளர் பால், ஒரு கிண்ணம் தயிர். வேர்க்கடலை எப்போதும் டப்பாவில்.

இரும்புச் சத்து கறியிலிருந்து உடம்பில் சுலபமாகச் சேரும். கீரையிலிருந்தும் பயறிலிருந்தும் அந்த அளவுக்குச் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ தக்காளியோ கூடவே இருந்தால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் கெடும். மாதவிலக்குள்ள வயசுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல. பி12 என்ற சத்து செடிகொடியில் கிடைப்பதே இல்லை என்று சொல்லலாம். பால், தயிரில் ஓரளவு உண்டு. உடம்பில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது, தெரிய வருடக்கணக்கில்கூட ஆகலாம். கை கால் மரத்துப்போவது, நாக்கு புண்ணாவது, காரணமில்லாத அசதி என்று வந்தால் சும்மா விடக் கூடாது. அவளை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் இரத்தப் பரிசோதனை செய்தோம். இரத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தது. அது கறியை விட்டதாலா, விடுதிச் சாப்பாட்டாலா என்று இரண்டு மாதத்தில் யாராலும் சொல்ல முடியாது. மருத்துவர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார், ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

வேலை யாருடையது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. என் கொழுந்தனார் ஆண்டுதோறும் சபரிமலைக்கு மாலை போடுகிறவர். மாலை போட்டு ஒரு மண்டலம் அவர் வீட்டில் எல்லோருக்கும் கறி கிடையாது. பாத்திரம் எல்லாம் தேய்த்துப் பரணில் ஏற்றி, புதுப் பாத்திரம் இறக்குவார்கள். அதை எல்லாம் செய்வது அவர் மனைவி. ஒரு வார்த்தை முணுமுணுப்பு கேட்காது. ஆண் விட்டால் வீடே விட வேண்டும். பெண் பிள்ளை விட்டால், "ஒருத்திக்காகத் தனியா ஆக்கணுமா, ரசம் ஊத்திக்க" என்று பேச்சு. என் கணவரே முதல் வாரம் அப்படித்தான் சொன்னார். அவருக்கு நான் கணக்குச் சொன்னேன்: பிரித்துச் சமைத்தால் எனக்கு அரை மணி நேரம் கூடுதல். அந்த அரை மணியை யார் கொடுப்பது? கறியை விட்டது அவள் முடிவு, மொச்சை ஊறப் போடுவதும் கத்தரிக்காய் நறுக்குவதும் அவள் வேலை. கறியைக் கழுவி நறுக்குவது கறி தின்னும் என் மகன் வேலை. அவர் தேங்காய் துருவுகிறார், மிக மெதுவாக.

எங்கள் பள்ளிச் சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கிறோம். முட்டை வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம். அதே வரிசை, அதே தட்டு, பக்கத்துப் பிள்ளை முட்டை உரிக்கும்போது இது பழம் உரிக்கும். தனிப் பந்தி கிடையாது, தனிக் குழாய் கிடையாது. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, தனித் தண்ணீர்ப் பானை என்று வைத்ததை எதிர்த்து நூறாண்டுக்கு முன் இந்த நாட்டில் எவ்வளவு பெரிய சண்டை நடந்தது! முட்டைக்குப் பதில் பழம் என்று எழுதிக் கணக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் இப்போது எனக்கு அது நினைவு வருகிறது.

தை பிறந்ததும் மகள் சென்னைக்குக் கிளம்பினாள். பையில் பருப்புப்பொடியும் வேர்க்கடலையும் வைத்தேன். கருவாட்டுத் தொக்கு டப்பா ஒன்றை அவளே எடுத்து வைத்துக்கொண்டாள். "உனக்கு எதுக்கு?" என்றேன். ரூமில் இன்னொரு பெண் இருக்கிறாளாம், நாகப்பட்டினத்துப் பிள்ளை, கருவாடு என்றால் உயிராம், ஆனால் அறையில் டப்பாவைத் திறக்கப் பயப்படுகிறாளாம். "நான் திறந்து வெக்கிறேன்னு சொல்லிருக்கேன்" என்றாள். விடுதிப் பலகையில் கவிழ்த்து வைத்திருந்த அந்த எவர்சில்வர் தட்டு எங்கள் கூடையிலேயே இருந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் அதில்தான் மாட்டுக்கறியும் சோறும் சாப்பிட்டார்.